தம்பிக்கு முதல் செமஸ்டர் படிப்புத் திட்டம்: அக்டோபர் முதல் மார்ச் வரை

தம்பி, நேற்று போனில் "எங்கேயிருந்து ஆரம்பிக்கிறதுன்னே தெரியலை அக்கா" என்றாய். ராத்திரியே உட்கார்ந்து எழுதிவிட்டேன். மேஜைக்கு எதிரே ஒட்டி வை.

முதலில் மதிப்பெண்

ஜெர்மனியில் எண் தலைகீழ். 1.0 உச்சம், 4.0 தேர்ச்சியின் கடைசிப் படி, 5.0 என்றால் ஃபெயில். நடுவில் 1.3, 1.7, 2.0, 2.3 என்று இறங்கும். கல்லூரியில் நீ வாங்கிய 8.2 சிஜிபிஏவை, தேர்ச்சிக்கு 5 என்று வைத்து அவர்கள் சூத்திரத்தில் போட்டேன்:

1 + 3 × (10 − 8.2) ÷ (10 − 5) = 2.08

அது இங்கே 'நன்று' வகை. அதனால் 2.3 வந்தால் இடிந்து போகாதே. இந்த செமஸ்டருக்கு நம் இலக்கு எல்லாப் பாடத்திலும் 2.3 அல்லது அதைவிட நல்லது.

எத்தனை பாடம்

அட்டவணை 30 கிரெடிட் சொல்லும். நீ 24 மட்டும் எடு: ஃபைனைட் எலிமென்ட், கண்ட்ரோல், மெட்டீரியல்ஸ், ஒரு செமினார். ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம் என்று வைத்தால் 720 மணி. மார்ச் நடுப்பகுதி வரை 22 வாரம் இருக்கிறது, வாரத்துக்குச் சுமார் 33 மணி வரும். விட்ட 6 கிரெடிட்டை அடுத்த செமஸ்டர்களில் எடுத்துக்கொள்ளலாம். பகுதிநேர வேலையை டிசம்பர் வரை தொடாதே. அதுவரை செலவுக்கு நான் அனுப்புகிறேன்.

வாரம் எப்படி ஓடும்

இதுதான் திட்டத்தின் உயிர். ஊரில் இன்டர்னல் மார்க் கைகொடுக்கும். இங்கே பெரும்பாலான பாடங்களில் பிப்ரவரி, மார்ச்சில் எழுதும் ஒரே ஒரு தேர்வுதான் மொத்த மதிப்பெண்ணும். பல வகுப்புகளில் வருகைப்பதிவே கிடையாது. அக்டோபரில் யாரும் விரட்ட மாட்டார்கள், அந்தச் சுதந்திரத்தில்தான் நான் விழுந்தேன். 'ஊபுங்' என்று ஒரு கணக்கு வகுப்பு உண்டு. வீட்டுத்தாளை முன்பே போட்டுவிட்டுப் போக வேண்டும். நான் வெறுங்கையோடு போய், போர்டில் இருந்த விடையைக் காப்பி எடுத்து வந்தேன். ஒரு பாடத்தில் 3.7 வந்தது. பாஸ் ஆனதைத் திரும்ப எழுத எங்கள் விதியில் இடமில்லை, அந்த எண் சான்றிதழில் அப்படியே நிற்கிறது.

அதனால் திங்கள், செவ்வாய் விரிவுரை. அன்றன்று மாலை ஒரு மணி நேரம் குறிப்பைத் திருப்பு. புதன் முழுவதும் கணக்குத்தாள், விடையைப் பார்க்காமல். வரவில்லையென்றால் எந்த வரியில் நின்றாய் என்று சிவப்பில் குறி. வியாழன் ஊபுங்கில் அந்தச் சிவப்பு வரியை மட்டும் கேள். வெள்ளி செமினார். சனி காலை ஜெர்மன் மொழி, மதியம் சமையலும் துணியும். ஞாயிறு ஓய்வு, கடைகளும் மூடியிருக்கும்.

வகுப்பில்

எழுந்து நிற்க வேண்டாம். 'சார்' வேண்டாம், புரொஃபசர் என்று சேர்த்துக் குடும்பப் பெயரைச் சொல். விரிவுரை முடிந்ததும் எல்லோரும் மேஜையை முஷ்டியால் தட்டுவார்கள். அதுதான் கைதட்டல், பயந்துவிடாதே. கேள்வி கேட்பது இங்கே மரியாதைக் குறைவு இல்லை. நடுவில் கை தூக்கி "இந்தப் படி புரியவில்லை" என்று சொல்லலாம், அவர் சொன்னதை மறுத்தும் பேசலாம். நவம்பர் முடிவதற்குள் ஒவ்வொரு பாடத்திலும் ஒரு கேள்வியாவது கேட்டிருக்க வேண்டும். கூச்சமாக இருந்தால் கேள்வியை முன்கூட்டியே எழுதி வைத்துப் படி.

செமினார் அறிக்கையில் எடுத்த வரிக்கெல்லாம் மூலம் குறிப்பிடு. ஊரில் ரெக்கார்டு நோட்டு எழுதினது போல இங்கே எழுதினால் நேராக 5.0 தான்.

தேதிகள்

தேர்வுக்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும், தானாக நடக்காது. கடைசி நாளை உன் துறைத் தேர்வு அலுவலகப் பக்கத்தில் இந்த வாரமே பார்த்துக் காலண்டரில் ஏற்று. எத்தனை முறை எழுதலாம் என்பதையும் தேர்வு விதிமுறையில் படி. பெரும்பாலும் மூன்று முறைதான்.

கிறிஸ்துமஸ் விடுமுறை இரண்டு வாரம். முதல் வாரம் ஊர் சுற்று. இரண்டாம் வாரம் விட்டுப்போன சிவப்பு வரிகள் எல்லாம். ஜனவரியிலிருந்து மாணவர் மன்றத்தில் கிடைக்கும் பழைய வினாத்தாள்களைக் கடிகாரம் வைத்துப் போடு. தேர்வில் நேரம் போதவே போதாது, படிகளை எழுதினால் பாதி மதிப்பெண்ணாவது நிற்கும்.

முடிவு வந்த பிறகு திருத்திய தாளைப் பார்க்க ஒரு நாள் தருவார்கள். நல்ல மதிப்பெண் வந்தாலும் போய்ப் பார்.

சரி, இந்தப் புதன்கிழமை போடும் முதல் கணக்குத்தாளை ஞாயிறு வீடியோ காலில் எனக்குக் காட்டு. சிவப்புக் குறிகளோடு.