பெரியம்மாவின் வாரச் சமையல்: எழுதிக் கொடுத்ததும் கட்டம் போட்டதும்

நம் விடுதிச் சமையலறைக்கு இனி முறை வைத்து வரப்போகும் அக்காமார் இருவருக்கும்,

பெரியம்மா மகளின் பிரசவத்துக்காக வத்தலக்குண்டு போகிறார். போகும் முன் நோட்டில் ஒரு வாரச் சமையலை எழுதிக் கொடுத்திருக்கிறார். எழுதியவருக்கு அது தெளிவுதான். விடியற்காலை ஐந்து மணிக்கு அடுப்படியில் நின்றுகொண்டு அதில் புதன்கிழமையைத் தேடுவதுதான் கஷ்டம். அதனால் கட்டமாக்கியிருக்கிறேன். முதலில் அவர் எழுதியது, கீழே கட்டம், அதற்கும் கீழே நான் எங்கெங்கே முடிவெடுத்தேன் என்பது. அளவெல்லாம் பிள்ளைகள் 18, நாம் இருவர், ஆக 20 பேருக்கு.

பெரியம்மா எழுதியது

திங்கட்கிழமை காலையில் இட்லி, பூண்டுச் சட்னி. மாவை ஞாயிறு மத்தியானமே ஆட்டிவிட வேண்டும், இந்தக் குளிரில் ராத்திரி ஆட்டினால் விடிந்தும் பொங்காது. இரண்டரைக் கிலோ அரிசிக்கு 600 கிராம் உளுந்து, மறுநாளைக்கும் வரும். பள்ளிக்கூட டப்பாவுக்கு எலுமிச்சைச் சோறும் உருளைக்கிழங்கு வறுவலும். ராத்திரி சோறு, சௌசௌ கூட்டு, ரசம். செவ்வாய் மிச்ச மாவில் தோசை, தக்காளிச் சட்னி. டப்பாவுக்கும் தக்காளிச் சோறு என்றால் பிள்ளைகள் முகம் சுளிக்கும், புதினாச் சோறு கட்டு, முட்டைக்கோஸ் பொரியல் வை. ராத்திரி சப்பாத்தி, பட்டாணிக் குருமா. புதன் வெண்பொங்கல், தேங்காய்ச் சட்னி. டப்பாவுக்குப் புளியோதரை, மறுபடி உருளைக்கிழங்கு. ராத்திரி சோறு, முட்டைக் குழம்பு. முட்டை வாரம் இரண்டு தடவை போட வேண்டும், வெள்ளிக்கிழமை மட்டும் கூடாது. வியாழன் கேழ்வரகு அடை, கீழேயிருந்து முருங்கைக்கீரை வந்திருந்தால் அதைப் போட்டு, வராவிட்டால் வெங்காயம். டப்பாவுக்குத் தயிர்ச் சோறு, ஊறுகாய், கேரட் பொரியல். ராத்திரி சாம்பார், பீட்ரூட் பொரியல். வெள்ளி ரவை உப்புமா, தேங்காய்ச் சட்னி. டப்பாவுக்குச் சாம்பார் சோறு, பீன்ஸ் பொரியல். சாயங்காலம் சுண்டலுக்குப் பதில் ஏதாவது இனிப்பு. ராத்திரி தோசை, மாவு திங்கட்கிழமை மாதிரியே. சனி மிச்ச மாவில் பணியாரம். பள்ளிக்கூடம் கிடையாது, மத்தியானம் ஆற அமர சோறு, ரசம், கேரட் பீன்ஸ் பொரியல். ராத்திரி லேசாகக் கஞ்சி, துவையல். ஞாயிறு சந்தை. காலையில் பூரி கிழங்கு. மத்தியானம் கோழிக் குழம்பு, கறி சாப்பிடாத மூன்று பிள்ளைகளுக்குக் காலிஃப்ளவர் போட்டுத் தனிச் சட்டி. ராத்திரி ரசம் சோறு. தினமும் நாலரைக்குச் சுக்குமல்லிக் காப்பி, கூட ஒரு சுண்டல், ஒரே பயறு அடுத்தடுத்து வேண்டாம். முடியாமல் படுத்திருக்கும் பிள்ளைக்கு எந்த நாளானாலும் உளுந்தங்கஞ்சி.

கட்டம்

| நாள் | முந்தின நாளே செய்ய வேண்டியது | காலை | மதியம் | மாலை 4.30 | இரவு |
|---|---|---|---|---|---|
| திங்கள் | ஞாயிறு காலை 6 மணிக்கு அரிசி, உளுந்து ஊறப்போடு. 1 மணிக்கு ஆட்டு. இரவு கொண்டைக்கடலை ஊறப்போடு | இட்லி, பூண்டுச் சட்னி | டப்பா: எலுமிச்சைச் சோறு, உருளைக்கிழங்கு வறுவல் | கொண்டைக்கடலைச் சுண்டல் | சோறு, சௌசௌ கூட்டு, ரசம் |
| செவ்வாய் | இரவு பச்சைப்பயறு, காய்ந்த பட்டாணி ஊறப்போடு | தோசை (திங்கள் மாவு), தக்காளிச் சட்னி | டப்பா: புதினாச் சோறு, முட்டைக்கோஸ் பொரியல் | பச்சைப்பயறுச் சுண்டல் | சப்பாத்தி, பட்டாணிக் குருமா |
| புதன் | இரவு புளிக்காய்ச்சல் செய்து வை. வேர்க்கடலை ஊறப்போடு | வெண்பொங்கல், தேங்காய்ச் சட்னி | டப்பா: புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல் | வேர்க்கடலைச் சுண்டல் | சோறு, முட்டைக் குழம்பு |
| வியாழன் | மதியம் பாலுக்கு உறை ஊற்று. இரவு தட்டைப்பயறு ஊறப்போடு | கேழ்வரகு அடை (முருங்கைக்கீரை அல்லது வெங்காயம்) | டப்பா: தயிர்ச் சோறு, ஊறுகாய், கேரட் பொரியல் | தட்டைப்பயறுச் சுண்டல் | சோறு, பூண்டுக் குழம்பு ★, பீட்ரூட் பொரியல் |
| வெள்ளி | மதியம் 2 மணிக்கு அரிசி, உளுந்து ஊறப்போடு. இரவு 8 மணிக்கு ஆட்டு | ரவை உப்புமா, தேங்காய்ச் சட்னி | டப்பா: சாம்பார் சோறு, பீன்ஸ் பொரியல் | பாசிப்பருப்புப் பாயசம் ★ | தோசை, சட்னி |
| சனி | இரவு மொச்சை ஊறப்போடு | பணியாரம் (வெள்ளி மாவு) | சோறு, ரசம், கேரட் பீன்ஸ் பொரியல், ஆம்லெட் ★ | மொச்சைச் சுண்டல் | அரிசிக் கஞ்சி, துவையல் |
| ஞாயிறு | இரவு சந்தைச் சீட்டு எழுது. பூரிக்குக் கிழங்கு வேகவைத்து வை | பூரி, கிழங்கு | சோறு, கோழிக் குழம்பு. 3 பேருக்குக் காலிஃப்ளவர் குழம்பு | பட்டர் பீன்ஸ் சுண்டல் | சோறு, ரசம், அப்பளம் ★ |

தினமும் மாலை சுக்குமல்லிக் காப்பி உண்டு. ஏழு முறை எழுதாமல் இங்கே ஒரே முறை.
உடம்பு முடியாதவர்களுக்கு எந்த நாளும் உளுந்தங்கஞ்சி.
★ போட்டவை பெரியம்மாவின் நோட்டில் இல்லாதவை, அல்லது மாற்றியவை. சுண்டலில் எந்த நாள் எந்தப் பயறு என்பதும் நான் பிரித்ததுதான்.

கட்டம் போடும்போது எடுத்த முடிவுகள்

இரண்டாவது பத்தியை, அதாவது "முந்தின நாளே" என்பதை, தயவுசெய்து முதலில் படியுங்கள். நாளும் வேளையும் மட்டும் வைத்துத்தான் முதலில் கோடு போட்டேன். அப்படிப் போட்டால் பெரியம்மா எழுதியதில் பாதி காணாமல் போகிறது. திங்கள் இட்லி என்று கட்டத்தில் எழுதிவிடலாம். அதற்கான வேலை ஞாயிற்றுக்கிழமையில் அல்லவா இருக்கிறது? திங்கள் காலையில் வந்து கட்டத்தைப் பார்க்கிறவருக்கு அப்போது தெரிந்து என்ன பயன்? ஒவ்வொரு நாளும் இரவு அடுப்படியைக் கழுவிவிட்டுப் போகும் முன், மறுநாள் வரிசையின் இந்த ஒரு பெட்டியைப் பார்த்துவிட்டால் போதும். மதிய வேலை இருக்கும் புதன், வியாழன், காலையிலேயே வேலை தொடங்கும் ஞாயிறு, இந்த மூன்று நாளில் மட்டும் காலையில் வந்ததுமே பாருங்கள்.

ஞாயிறு கொஞ்சம் சிக்கல். அன்றைக்குத்தான் கொடைக்கானல் சந்தை, ஒருவர் போயே ஆக வேண்டும். சந்தைக்குக் கிளம்பும் முன் ஆறு மணிக்கே அரிசியையும் உளுந்தையும் ஊறப்போட்டுவிட்டால், திரும்பி வந்து ஒரு மணிக்கு ஆட்டலாம். திங்கள் காலை ஆறு மணிக்கு இட்லி ஊற்றும்போது மாவுக்குப் பதினேழு மணி நேரம் ஆகியிருக்கும். பெரியம்மாவின் கணக்கும் அதுதான்.

வெள்ளி இரவுத் தோசைக்கு "திங்கட்கிழமை மாதிரியே" என்று எழுதியிருக்கிறார். அதை அப்படியே கட்டத்தில் போட்டால் வியாழன் மதியம் ஆட்ட வேண்டியிருக்கும். இட்லி காலைக்கு, இந்தத் தோசையோ இரவுக்கு, நடுவில் முப்பது மணி நேரம் ஓடிவிடும். அன்று ஒருவேளை சரியாக இருந்தாலும் சனிக்கிழமை பணியாரம் புளிக்கும். அளவு மட்டும் திங்கள் மாதிரி, நேரம் வேறு என்று எடுத்துக்கொண்டு வியாழன் இரவு எட்டு மணி என்று போட்டிருக்கிறேன்.

முட்டை வாரம் இரண்டு தடவை என்கிறார், புதனை மட்டும்தான் சொல்லியிருக்கிறார். வெள்ளி கூடாது. ஞாயிறு கோழி. டப்பாவில் முட்டை கட்டினால் வகுப்பு முழுக்க மணக்கிறது என்று பிள்ளைகளே சொல்வார்கள். மிஞ்சுவது சனி மதியம். அன்று எல்லாரும் விடுதியில் இருப்பதால் ஆம்லெட் சுடச்சுடப் போடலாம்.

வியாழன் இரவு சாம்பார், வெள்ளி மதியம் சாம்பார் சோறு. நோட்டில் இவை இரண்டும் வெவ்வேறு நாளில் இருந்ததால் உறுத்தவில்லை, கட்டத்தில் ஒன்றன் கீழ் ஒன்றாக வந்ததும் கண்ணில் பட்டது. பெரியம்மாவுக்குப் போன் செய்தேன். "அட ஆமா! அப்போ வியாழன் ராத்திரி பூண்டுக் குழம்பு வைக்கச் சொல்லும்மா, மலைப்பூண்டுதான் வீட்டில் கிடக்கே" என்றார். அதனால் அந்த நட்சத்திரம். ஞாயிறு காலை, திங்கள் மதியம், புதன் மதியம் மூன்றிலும் உருளைக்கிழங்கு வருகிறதே என்றும் கேட்டேன். உருளைக்கிழங்கு இருந்தால்தான் டப்பா காலியாகித் திரும்புகிறதாம். அதை மாற்றவில்லை. எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை, இருந்தாலும் டப்பாவைக் கழுவுகிறவர் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

கீரை வாரத்தில் ஒரே நாள்தான் வருகிறது, அதுவும் வண்டி வந்தால். சந்தையில் நல்ல கீரை கண்ணில் பட்டால் திங்கள் இரவு சௌசௌ கூட்டுக்குப் பதில் கீரைக் கூட்டு வைக்கலாம். கேட்க வேண்டியதில்லை.

பட்டர் பீன்ஸ் ஞாயிறுக்குப் போனதற்குக் காரணம், அன்று சந்தையில் பச்சையாகவே வாங்கி உரித்துப் போடலாம், முந்தின இரவு ஊறப்போடும் வேலை இல்லை. வெள்ளி இனிப்பு "ஏதாவது" என்றிருந்ததால் பாயசம் போட்டேன். நேரம் இருந்தால் கேசரியோ சர்க்கரைப் பொங்கலோ உங்கள் இஷ்டம். சனிக்கிழமைக் கஞ்சிக்கு எந்தத் துவையல் என்று நான் எழுதவில்லை, அன்று எது மீந்திருக்கிறதோ அது.

உங்களில் ஒருவர் சின்னாளப்பட்டியிலிருந்து வருவதால் இதையும் சொல்லிவிடுகிறேன். நாம் இருப்பது 2,100 மீட்டருக்கு மேலே. இங்கே தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு லேசில் குழையாது. கொண்டைக்கடலையும் மொச்சையும் அப்படித்தான். ஊறப்போடுவதைத் தவற விடாதீர்கள், குக்கரில் ஊரில் வைப்பதைவிட ஒன்றிரண்டு விசில் கூட வையுங்கள். தயிர்ப் பாத்திரத்தைச் சாக்கில் சுற்றி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால்தான் உறையும். மார்கழி, தை மாதங்களில் அதுவும் நம்பிக்கையில்லை, வியாழன் காலையில் உறையாமல் இருந்தால் எலுமிச்சைச் சோறு கட்டிவிடுங்கள்.

கட்டத்தின் ஒரு படி அரிசிப் பீப்பாய்க்கு மேலே சுவரில், இன்னொன்று என் மேஜையில். மாற்றம் ஏதாவது செய்தால் சுவரில் இருப்பதில் பென்சிலால் எழுதுங்கள், ஞாயிறு சந்தைச் சீட்டு போடும்போது நான் பார்த்துக்கொள்கிறேன்.

விடுதி வார்டன்