கிண்டி வந்தால் இறங்க வேண்டும்

பல்லவி

கிண்டி வந்தால் இறங்க வேண்டும், கேட்டுக் கேட்டு வந்துவிட்டேன்
கூட்டம் என்னைத் தள்ளும் முன்னே கால் எடுத்து வைத்துவிட்டேன்
புது வேலை, புது நகரம், புதுச் செருப்பு கடித்தாலும்
போகும் வழி என் வழிதான், புழுதி வந்து அடித்தாலும்!

அனுபல்லவி

ஆண்டாள் கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்த்த கண்ணு
தலைக்கு மேலே மெட்ரோ ஓடத் தடுமாறி நிற்குது நின்னு
பொதிகையில் வந்த பெட்டி இன்னும் பூட்டுப் போட்டபடி
பூரிப்பும் பயமுமாகப் போகிறேன் படிக்குப் படி

சரணம் 1

பல்லாவரம் ஹாஸ்டலிலே பக்கெட்டுக்கு வரிசை நின்றேன்
பாதி காய்ந்த தலையைப் பின்னிப் படபடத்து ஓடி வந்தேன்
லேடீஸ் பெட்டி எங்கே நிற்கும்? பூ விற்கும் அக்கா சொன்னாள்:
"அந்தத் தூண்கிட்ட நில்லும்மா", ஒரு முழம் கையில் தந்தாள்

திரிசூலம் தாண்டும்போது தாழப் பறந்தது விமானம்
பெட்டிக்குள் ஒருவர்கூட நிமிரவில்லை, அத்தனை நிதானம்
கம்பிக்கும் தோளுக்கும் நடுவே குனிந்து நான் பார்த்துவிட்டேன்
சக்கரம் உள்ளே மடங்கும்வரை கண்ணெடுக்காமல் பார்த்துவிட்டேன்

மீனம்பாக்கம், பழவந்தாங்கல், பரங்கிமலை, அப்புறம்...
உதட்டுக்குள் பெயரைச் சொல்லி விரல் மடக்கி வந்தேன் நான்

(பல்லவி)

சரணம் 2

வாசலிலே செக்யூரிட்டி அண்ணன் நோட்டு ஒன்றை நீட்டினார்
"யாரைப் பார்க்க?" என்ற கட்டம், அதில் விரலைக் காட்டினார்
யாரைப் பார்க்க வந்தேன் நான்? யோசித்தேன் ஒரு நொடி
"வேலைக்கு" என்றெழுதினேன், அழுத்தி, அழகாக, முத்து முத்தாய்

விரல் வைக்கும் மெஷின் முன்னே வியர்வையிலே சிவப்பு எரியும்
ஷாலில் துடைத்து மறுபடி வைத்தால் பச்சை விளக்கு விரியும்
"தேங்க் யூ" என்று அது சொன்னதே எனக்கு வந்த வரவேற்பு
தொண்டைக்குள்ளே என்னமோ செய்ய, துள்ளி வந்தது ஒரு சிரிப்பு

"சார் எல்லாம் வேண்டாம்மா, பேர் சொல்லியே கூப்பிடு"
அப்பா வயசுக்காரர் அவர், எப்படி நான் கூப்பிட?
"சரிங்க" என்று இழுத்துவிட்டுச் சற்று நேரம் விழித்து நின்றேன்
சொல்ல வந்த "சார்" என்பதை எச்சிலோடு விழுங்கி வைத்தேன்

சரணம் 3 (தாளம் மெதுவாக)

இதுதான் உன் சீட் என்றார்கள், சுழல்கிற நாற்காலி
யாரோ எழுந்து போன இடம், அறை எல்லாம் ஏசிக் குளிர்
மானிட்டரின் ஓரத்திலே மெரூன் பொட்டு ஒட்டியிருக்கு
முன்னால் இருந்த பெண்ணினுடைய முகம் அதிலே மிச்சமிருக்கு

எந்த ஊரோ, என்ன பேரோ, எத்தனை நாள் இருந்தாளோ
முதல் நாளில் அவளும் இப்படி முதுகு நிமிர்த்தி அமர்ந்தாளோ
திரையைத் துடைத்தேன், கீபோர்டு துடைத்தேன், தூசி எல்லாம் தட்டிவிட்டேன்
பொட்டை மட்டும் தொடவில்லை, அவள் துணையாக விட்டுவிட்டேன்

தேதி பார்த்து வவுச்சர் அடுக்கு, அதுதான் என் முதல் வேலை
தண்ணீர் கேனு, டீச் செலவு, ஆட்டோக் கூலி, பூமாலை
பி.காமிலே படித்த டெபிட் பேப்பர் மணத்தில் கையில் வந்தால்
பரீட்சைக்குப் படித்ததெல்லாம் பாசமாகத் தோன்றுதம்மா!

(பல்லவி)

சரணம் 4 (தாளம் மறுபடி வேகமாக)

மதியச் சாப்பாட்டு மணியிலே யாரோடு போய் உட்கார?
டப்பாவைக் கையில் பிடித்து நின்றேன் சுவரோடு சுவராக
"இங்க வாம்மா" என்று சொல்லி ரிசப்ஷன் அக்கா நகர்ந்துகொண்டாள்
எலுமிச்சைச் சோற்றின் பக்கம் கூட்டு அள்ளி வைத்துவிட்டாள்

பையிலிருந்து பால்கோவா டப்பா மெல்ல வெளியே வந்தது
"ஸ்ரீவில்லிபுத்தூரா நீ?" மேசை முழுக்க எழுந்தது
காலை முதல் புதுப் பெண் நான், அரை மணியில் ஊரும் பேரும்
அத்தனை பேர் வாயிலும் இனிப்போடு இனிப்பாய்ச் சேரும்!

முடிப்பு (போன் பேசுவது போல)

அம்மா, நான் சாப்பிட்டேன், கூட்டுகூடக் கிடைத்தது
ஆமாம்மா, எல்லாரும் நல்லவங்க, செருப்பு மட்டும் கடித்தது
அப்பாவைக் கொஞ்சம் கூப்பிடேன், அந்தக் கண்ணாடி என்ன ஆச்சு?
நூல் சுற்றிய அந்தக் காம்பு இன்னும் எத்தனை நாள் தாங்கும்?

முதல் சம்பளம் வரட்டும் அம்மா, முதல் செலவு கண்ணாடிதான்
தங்கச்சிக்கு ஃபீஸு அப்புறம், உனக்கு ஒரு சேலைதான்
வேண்டாம்னு சொல்லாதே, நிறம் மட்டும் சொல்லி வை
மாம்பழ மஞ்சளா, மயில் கழுத்தா? யோசித்துச் சொல்லி வை

நாளைக்குச் சீசன் டிக்கெட் எடுக்க வேண்டும், வரிசை இருக்கும்
காலுக்கு ஒரு பிளாஸ்திரி, பொட்டு அட்டை, டம்ளர் ஒன்று
எட்டு மணிக்கே கிளம்பணும், ஹாஸ்டலில் பக்கெட்டு ரெண்டுதான்
போனை வை அம்மா, வை வை, அலாரம் வைக்கப் போகிறேன்!