எழுதாத சீட்டு

மூன்றாவது நாள் சளியோடு வந்தவர், உட்காரும் முன்பே மாத்திரையின் பெயரைச் சொன்னார். "போன தடவை ஆன்டிபயாடிக் சாப்பிட்டேன், இரண்டே நாளில் சரியாகிவிட்டது டாக்டர்."

முந்தைய வாரம் வேறொரு பெண்ணின் இதே பேச்சுக்கு நான் பணிந்து எழுதிக்கொடுத்திருந்தேன். அந்தப் பெண் வயிற்றுப்போக்கோடு திரும்பி வந்தார்; சளி அப்படியே இருந்தது.

இம்முறை பேனாவை மூடினேன். "இது வைரஸ். அந்த மாத்திரை பாக்டீரியாவைத்தான் கொல்லும்" என்றேன். அவர் கைக்குட்டையை விரித்துக் காட்டினார். "மஞ்சளாக வருகிறதே?"

"நிறம் மாறுவது வழக்கம்தான். அதை மட்டும் வைத்து பாக்டீரியா என்று சொல்ல முடியாது."

முகம் சுருங்கியது. வெறுங்கையோடு அனுப்புகிறேன் என்று நினைத்திருப்பார். ஸ்டெதஸ்கோப்பை எடுத்து, முதுகில் ஆறு இடங்களில் பொறுமையாகக் கேட்டேன். (உண்மையில் அவருக்குத் தேவைப்பட்டது இதுதானோ?) நெஞ்சு சுத்தமாக இருந்தது.

"ஏழு முதல் பத்து நாள் ஆகும். ஆவி பிடியுங்கள், மூக்கில் உப்புநீர்ச் சொட்டு விடுங்கள். மூச்சு வாங்கினாலோ, காய்ச்சல் விட்டுவிட்டு மறுபடி வந்தாலோ உடனே வாருங்கள்."

"வந்தால் எழுதுவீர்களா?"

"தேவைப்பட்டால்."

மாத்திரை எழுதாத சீட்டை மடித்துப் பையில் வைத்தபடி முணுமுணுத்துக்கொண்டே போனார். அடுத்தவரை அழைக்க மணியை அழுத்தும்போது, என் விரல் லேசாக நடுங்கியது.