விடைத்தாளை விரித்து வையுங்கள்

எல்லோரும் கணக்கு விடைத்தாளை வாங்கியாயிற்றா? சுருட்டிப் பைக்குள் வைத்தவர்கள் வெளியே எடுங்கள். பெஞ்சின் மேல் விரித்து வையுங்கள். இன்றைக்குப் புதுப் பாடம் கிடையாது.

முதல் திருப்புதல் தேர்வை 38 பேர் எழுதினீர்கள். 35 மதிப்பெண்ணைத் தொட்டவர்கள் 17 பேர். நேற்று ராத்திரி கடைசித் தாளைத் திருத்தி வைத்தபோது எனக்கு மனசே சரியில்லை. உங்கள் மேல் கோபமில்லை, கண்ணுங்களா. இந்த மதிப்பெண்ணுக்குரிய பிள்ளைகள் நீங்கள் இல்லை. அது எனக்குத் தெரியும்.

கேள்வித்தாள் கஷ்டம் என்று சிலர் சொன்னீர்கள். மறுபடி எடுத்துப் பார்த்தேன். முக்கால்வாசி நாம் வகுப்பில் போட்ட கணக்குகள்தான். போட்ட கணக்கு எப்படிக் கைவிட்டுப் போனது? ஒன்றைக் கரும்பலகையில் எழுதுகிறேன், பாருங்கள்.

3, 7, 11, ... என்ற கூட்டுத் தொடர்வரிசையின் 20ஆவது உறுப்பு என்ன? சூத்திரத்தை எல்லோரும் சரியாக எழுதியிருக்கிறீர்கள்: tₙ = a + (n − 1)d. அப்புறம் ஒன்பது பேர் 3 + 20 × 4 என்று போட்டு 83 என்று முடித்துவிட்டீர்கள். வரவேண்டியது 3 + 19 × 4, அதாவது 79. முதல் உறுப்பிலிருந்து 20ஆவது உறுப்புக்குப் போக 19 தாவல்தான். மூளைக்கு இது தெரியும். கை மறந்துவிட்டது. கணக்கைக் கண்ணால் படித்தால் கைக்கு அது வராது, எழுதினால்தான் வரும்.

தொடுகோடு வரைகிற கணக்கும் அப்படித்தான். விட்டம் 6 செ.மீ., மையத்திலிருந்து 8 செ.மீ. தூரத்தில் ஒரு புள்ளி என்று கொடுத்திருக்கிறது. கவராயத்தில் 6 செ.மீ. எடுத்து வட்டம் போட்டிருக்கிறீர்கள். ஆரம் 3 அல்லவா? அதன் பிறகு எவ்வளவு அழகாக வரைந்தும் தொடுகோட்டின் நீளம் 7.4 வராது. தேர்வில் கேள்வித்தாளைப் படிக்க மட்டும் 10 நிமிடம் தருகிறார்கள். விட்டமா ஆரமா என்று பென்சிலால் வட்டம் போட்டு வைத்துக்கொள்ள அது போதும். இன்னும் 11 பேர் வடிவியல் பக்கத்தைத் தொடவே இல்லை. வெற்றுத்தாளுக்கு நான் எப்படி மதிப்பெண் போடுவேன்? அரைகுறையாக வரைந்திருந்தால்கூட உதவிப்படத்துக்கு ஏதாவது போட்டிருப்பேன்.

கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். ஒரு மதிப்பெண் கேள்விகள் 14. வடிவியல் 8, வரைபடம் 8. மொத்தம் 30. இவற்றைக் கையில் வைத்துக்கொண்டால் 35-க்கு இன்னும் ஐந்துதான் வேண்டும். 60, 70 எடுத்தவர்களுக்கும் சொல்கிறேன்: வரைபடத்தில் அளவுத்திட்டம் எழுதாமல் விட்டவர்கள் உங்களில்தான் அதிகம். தெரிந்ததை விடுவது இன்னும் வலிக்கிறது.

பொதுத்தேர்வுக்கு எட்டு வாரம் இருக்கிறது. ஞாயிறு வேண்டாம், அன்றைக்கு விளையாடுங்கள், தூங்குங்கள். மீதி 48 நாள். ஒரு நாளைக்கு 40 நிமிடம் கணக்குக்குக் கொடுத்தால் 32 மணி நேரம். பரீட்சைக்கு முந்தின ராத்திரி கண்விழித்தால் எத்தனை மணி நேரம் கிடைக்கும்? ஆறு? ஏழு? அதுவும் பயத்தோடு. அந்த ஏழு மணி நேரத்தை நம்பி இந்த 32-ஐ விட்டுவிடாதீர்கள்.

40 நிமிடத்தில் என்ன செய்ய? ஒரு வடிவியல் அல்லது வரைபடம், ஒரு ஐந்து மதிப்பெண் கணக்கு, மீதி நேரத்துக்கு ஒரு மதிப்பெண் கேள்விகள். புத்தகத்தை மூடிவைத்து எழுதுங்கள். சிக்கினால் திறந்து பார்த்து, மறுபடி மூடி, முதல் வரியிலிருந்து எழுதுங்கள். வீட்டில் இடமில்லை, சாயங்காலம் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பவர்கள் பள்ளி விட்டதும் இங்கேயே உட்காருங்கள். ஐந்து மணி வரை நான் இருக்கிறேன். முக்கோணவியலை நானும் கொஞ்சம் வேகமாக நடத்திவிட்டேன். அது என் பொறுப்பு. திங்கட்கிழமையிலிருந்து அதை முதலிலிருந்து எடுக்கிறேன், புரியாத இடத்தில் கூச்சப்படாமல் நிறுத்துங்கள்.

ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டு மடங்கு செய்யப் போகாதீர்கள். வழக்கமான 40 நிமிடம் போதும். "விட்டது விட்டதுதான்" என்று மொத்தமாக மூடிவைப்பதுதான் ஆபத்து. அடுத்த திருப்புதல் தேர்வில் இந்த மதிப்பெண்ணைவிடப் பத்து கூடட்டும். பக்கத்து பெஞ்சோடு ஒப்பிட வேண்டாம், இந்தத் தாளோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

சரி, பேனாவை எடுங்கள். விடைத்தாளின் கடைசிப் பக்கம் காலியாக இருக்கிறது அல்லவா? 5, 9, 13, ... இதன் 30ஆவது உறுப்பு. கரும்பலகையைத் துடைத்துவிடுகிறேன்.