மணமகள் தேவை: கோத்தகிரி, தேயிலைத் தொழிற்சாலை டீ மேக்கர், வயது 32

கோத்தகிரியை அடுத்த ஒரு தனியார் தேயிலைத் தொழிற்சாலையில் டீ மேக்கராக வேலை செய்கிறேன். உதகை அரசு கலைக் கல்லூரியில் தாவரவியலில் இளநிலைப் பட்டம் பெற்றேன். உயரம் 5 அடி 6 அங்குலம்; மாநிறம்; கண்ணாடி அணிகிறேன். அஸ்த நட்சத்திரம், கன்னி ராசி. இத்துடன் உள்ள படங்கள் மூன்றும் இந்த ஆண்டு எடுத்தவை.

பண்பானவர், பொறுப்பானவர் என்றெல்லாம் என்னைப் பற்றி நானே எழுதிக்கொள்வதைவிட, என்னை மணப்பவருடைய அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும் என்று சொல்வதே முறை எனக் கருதுகிறேன்.

அதில் முதலில் சொல்ல வேண்டியது என் வேலை நேரம். பகலில் பறித்த பச்சைத் தேயிலை மாலையில்தான் தொழிற்சாலைக்கு வந்து சேரும். அது பல மணி நேரம் வாடிய பிறகே அரைக்க முடியும் என்பதால், எங்கள் உற்பத்தி பெரும்பாலும் நள்ளிரவுக்கு மேல் தொடங்கி விடியும் வரை நடக்கிறது. வாடிய இலையை ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடித்து விட்டால் அது சட்டென்று விரியாமல் மெதுவாக விரிய வேண்டும். அரைத்த தூள் பச்சை மாறிச் செப்பு நிறத்துக்கு வரும் பக்குவத்தைக் கண்ணாலும் மூக்காலும் கணித்து உடனே டிரையருக்கு அனுப்ப வேண்டும். சில நிமிடம் தாமதித்தாலும் அந்த இரவின் தேநீரே கெட்டுவிடும். இந்த வேலையை நான் மிகவும் விரும்பிச் செய்கிறேன். ஆனால் மழைக்குப் பிறகு இலை வரத்து கூடும் மாதங்களில் வாரத்தில் நான்கைந்து இரவுகள் வீட்டில் இருக்க மாட்டேன். பகலில் நண்பகல் வரை தூங்குவேன். இதைத் திருமணத்துக்குப் பிறகு தெரிந்துகொள்வதைவிட இப்போதே தெரிந்துகொண்டு யோசிப்பதுதான் அந்தப் பெண்ணுக்கு நியாயம்.

மாதச் சம்பளம் பிடித்தம் போக 31,000 ரூபாய். ஆண்டுக்கொரு முறை போனஸ் உண்டு. தங்கையின் திருமணத்துக்கு வாங்கிய கடனில் இன்னும் 1,80,000 ரூபாய் பாக்கி இருக்கிறது. அதற்கு மாதம் 7,500 ரூபாய் தவணை கட்டி வருகிறேன். கார் இல்லை, ஒரு பைக் இருக்கிறது.

எங்கள் தாத்தா பாட்டி, 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து தாயகம் திரும்பி நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் குடியேறியவர்கள். அப்பாவும் அம்மாவும் அதே தோட்டத்தில் உழைத்து ஓய்வு பெற்றவர்கள். ஓய்வுக்குப் பின் தோட்டத்து லைன் வீட்டை விட்டு வந்து, கிடைத்த பணிக்கொடையோடு என் சேமிப்பையும் சேர்த்து இரண்டு அறையும் சமையலறையும் கொண்ட சிறு வீடு கட்டினோம். அதில் அவர்களோடுதான் வசிக்கிறேன். திருமணத்துக்குப் பிறகும் அப்படியே வசிக்க விரும்புகிறேன். இந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான் என்பதில் அப்பாவுக்கு இன்றும் பெருமை உண்டு. அம்மாவுக்கு மூட்டுவலி இருப்பதால் பெரும்பாலான நாட்களில் மாலைச் சமையல் என்னுடையது. மேரக்காய்க் கூட்டும் ரசமும் நன்றாகவே வைப்பேன். மீன்குழம்புக்கு இன்னும் அம்மாவைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. மது, புகை இரண்டும் இல்லை.

சமவெளியில் வளர்ந்த பெண்ணாக இருந்தால் இந்த ஊரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் துணி உலர மூன்று நாளாகும். காட்டெருமையும் கரடியும் தேயிலைக் காட்டுக்குள் நடமாடுவதால் இருட்டிய பிறகு தனியாக நடந்து போக முடியாது. பெரிய மருத்துவத்துக்குக் கோயம்புத்தூருக்குத்தான் இறங்க வேண்டியிருக்கும். விடுமுறைக்கு வந்து பார்க்கும் நீலகிரியும் ஆண்டு முழுவதும் குடியிருக்கும் நீலகிரியும் வேறு வேறு. எனக்கு இரண்டாவதுதான் பிடித்தமானது.

26 முதல் 33 வயதுக்குள், பட்டமோ பட்டயமோ படித்த பெண்ணை எதிர்பார்க்கிறோம். வேலைக்குப் போவதும் போகாமல் இருப்பதும் அவருடைய விருப்பம். கோத்தகிரி, குன்னூர், மேட்டுப்பாளையம் ஆகிய ஊர்களில் பணிபுரிபவராக இருந்தால் இருவருக்கும் வசதி. சாதி தடையில்லை. மறுமணம் நாடுபவரும் தொடர்புகொள்ளலாம். ஜாதகப் பொருத்தம் பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை; ஆனால் அதை மட்டும் வைத்து முடிவெடுக்க மாட்டோம் என்று அவரும் ஒப்புக்கொண்டிருக்கிறார். வரதட்சணை, நகை எதுவும் வேண்டாம். திருமணச் செலவை இரு வீட்டாரும் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

பெரியவர்கள் பேசி முடிப்பதற்கு முன் நாங்கள் இருவரும் ஓரிரு முறையாவது மனம்விட்டுப் பேச வேண்டும் என்பது என் வேண்டுகோள். முடிந்தால் பெண்ணும் பெற்றோருமாக வந்து வீட்டையும் தொழிற்சாலையையும் நேரில் பார்க்கலாம்; எனக்கு வார விடுப்பு திங்கட்கிழமை. மற்ற நாட்களில் மாலை 4 மணி முதல் 7 மணிக்குள் அழைத்தால் நானே பேசுவேன். பகலில் அழைத்தால் அப்பா எடுப்பார்.