பிசியோலொஜிக்கு இப்போதே குப்பி வைப்போம்

எல்லோருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். கன்டீனுக்குக் கிளம்பிய நேரத்தில் பிடித்து வைத்துவிட்டேன், சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். சிங்கள நண்பர்களுக்கு இதையே பிறகு இங்கிலீஷில் சொல்வேன்.

பிசியோலொஜி இறுதிப் பரீட்சைக்கு இன்னும் ஐந்து கிழமைதான். நம்முடைய குப்பி எப்படி நடக்கும் என்று தெரியும்தானே? பரீட்சைக்கு முதல் நாள் இரவு ஒரு கெட்டிக்காரர் பலகைக்கு முன்னால் நிற்பார், மற்றவர்கள் ஃபோனில் படம் எடுப்பார்கள். உண்மையில் அதில் படிப்பது பலகையில் நிற்கிறவர் மட்டும்தான். அந்த இடத்தில் எல்லோரும் நிற்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. ஐந்தைந்து பேராகப் பிரிவோம். கிழமைக்கு இரண்டு மாலை, கையில் நோட்ஸ் இல்லாமல், மாறி மாறிப் பலகைக்குப் போவோம்.

ஒக்சிஜன் டிஸோசியேஷன் கேர்வ் எப்போது வலப்பக்கம் நகரும்? காபனீரொட்சைட்டு, அமிலத்தன்மை, வெப்பம், 2,3-BPG கூடினால். இதை நித்திரையிலும் ஒப்பிப்போம். "சரி, அதனால் ஓடுகிறவனின் தசைக்கு என்ன லாபம்?" என்று வைவாவில் கேட்டால் பாதிப் பேர் கூரையைப் பார்ப்போம். வேலை செய்கிற தசை சூடாகவும் அமிலமாகவும் இருக்கிறது, அங்கே ஹீமோகுளோபின் ஒக்சிஜனை இலகுவாக விட்டுவிடுகிறது. பக்கத்தில் இருப்பவருக்கு இதை ஒருமுறை விளங்கப்படுத்திவிட்டால் பட்டியலை மனப்பாடம் செய்யவே தேவையில்லை.

சிறுநீரகமும் அப்படித்தான். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 180 லீட்டர் வடிக்கப்படுகிறது, வெளியே வருவது ஒன்றரை லீட்டர் அளவு. மீதி எங்கே, எந்தப் பகுதியில் திரும்பப் போகிறது என்று நெஃப்ரோனை வரைந்துகொண்டே சொல்லிப் பாருங்கள். "மெடுலாவில் ஏன் இவ்வளவு உப்பு?" என்று யாராவது கேட்பார்கள். அங்கே வாய் அடைத்தால், அன்றிரவு படிக்க வேண்டியது அதுதான்.

பேசுவது தமிழில் இருக்கட்டும். ஆனால் முடிவில் விடையை இங்கிலீஷில் ஒருமுறை சொல்லிவிட வேண்டும், பேப்பர் அதில்தான் வரும்.

குழுவை நான் கலந்து பிரிக்கப் போகிறேன், கோபிக்காதீர்கள். ஒரே ரூம்காரர் ஐந்து பேர் சேர்ந்தால் அரை மணியில் கதை கிரிக்கெட்டுக்குப் போய்விடும். காத்தான்குடி, ஏறாவூரிலிருந்து வந்துபோகிறவர்கள் மஃரிபுக்கு முன் வீடு சேர வேண்டும், அவர்களுக்கு லெக்சர் முடிந்த கையோடு நாலு மணிக்கு. ஹொஸ்டல்காரருக்கு இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு. தனியாகப் படித்தால்தான் ஏறும் என்பவர்களை வற்புறுத்தவில்லை, முதல் கிழமை மட்டும் வந்து பாருங்கள்.

இந்தத் தாளில் பெயரையும், உங்களுக்கு ஆகவே விளங்காத ஒரு பாடத்தையும் எழுதுங்கள். வெட்கப்பட வேண்டாம், எனக்கு அசிட்-பேஸ். வியாழன் இரவு பட்டியலை வட்ஸ்அப்பில் போடுகிறேன், திங்கள் தொடங்குவோம். தாள் முன் வரிசையிலிருந்து வருகிறது, பேனா வைத்திருப்பவர்கள் கொஞ்சம் கொடுத்து உதவுங்கள்.