மூலப்பகுதி வினாக்கள்: ஜாலியன்வாலா பாக், 1919

பழைய வினாத்தாள்களில் அடிக்கடி வரும் அமைப்பிலேயே இந்தக் கேள்விகளைப் போட்டிருக்கிறேன். பகுதியை இரண்டு முறை படித்த பிறகு பேனாவை எடுங்கள். நேரம் 30 நிமிடம்.

பகுதி அ (1919 நவம்பரில் ஹண்டர் குழுவின் முன் ஜெனரல் டயர் அளித்த வாக்குமூலத்தின் சாரம்)
சுடாமலே கூட்டத்தைக் கலைத்திருக்கலாம், ஆனால் அவர்கள் திரும்பி வந்து தன்னைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள் என்றார் டயர். காயம்பட்டவர்களைக் கவனிப்பது தன் வேலையல்ல, மருத்துவமனைகள் திறந்தே இருந்தன என்றும் சொன்னார்.

பகுதி ஆ (1920இல் வெளியான காங்கிரஸ் விசாரணைக் குழு அறிக்கையின் சாரம்)
இறந்தவர்கள் ஏறத்தாழ 1,000 பேர். அரசுக் கணக்கு 379.

1. துப்பாக்கிச் சூட்டின் நோக்கம் பற்றிப் பகுதி அ-விலிருந்து என்ன ஊகிக்கலாம்? (4)

"டயர் கொடூரமானவர்" என்று எழுதினால் அது தீர்ப்பு, ஊகம் இல்லை. இப்படி எழுதலாம்: கூட்டத்தைக் கலைப்பது மட்டும் நோக்கமாக இருக்கவில்லை, பயத்தை உண்டாக்குவதும் நோக்கம் என்று ஊகிக்கலாம். சுடாமலே கலைக்க முடியும் என்று அவரே ஒப்புக்கொண்டு, சிரிப்பார்கள் என்பதைக் காரணமாகச் சொல்வது இதற்கு ஆதாரம்.

2. பகுதி அ எவ்வளவு நம்பகமானது? (6)

பல விடைத்தாள்கள் சறுக்குவது இங்கேதான். "டயர் ஆங்கிலேயர், அதனால் நம்ப முடியாது" என்ற ஒரு வரிக்கு மதிப்பெண் மிகக் குறைவு. எதற்கு நம்பலாம், எதற்கு நம்பக்கூடாது என்று பிரித்துப் பாருங்கள். தனக்கே பாதகமாக அமையக்கூடிய ஒன்றை விசாரணைக் குழுவின் முன் சொல்கிறார். ஆகவே அவருடைய நோக்கத்துக்கு இது வலுவான சான்று. மருத்துவமனை பற்றிய பேச்சு வேறு ரகம், அதில் தன்னைக் காத்துக்கொள்ளும் தொனி இருக்கிறது. அன்று நகரில் ஊரடங்கு இருந்ததால் காயம்பட்டவர்களை இரவில் தூக்கிச் செல்ல உறவினர்கள் அஞ்சினார்கள். இந்தப் பின்னணித் தகவலோடு ஒப்பிட்டால்தான் விடை நிறைவு பெறும்.

3. இறந்தோர் எண்ணிக்கையில் பகுதி ஆ பக்கச்சார்பு உள்ளதா? (5)

சிறையிலிருந்த பஞ்சாப் தலைவர்களை அரசு விடுவிக்க மறுத்ததால் காங்கிரஸ் ஹண்டர் குழுவைப் புறக்கணித்துத் தனிக் குழு அமைத்தது. காந்தி அதில் உறுப்பினர். ஆக, அரசை எதிர்க்கும் சார்பு இருக்கத்தான் செய்யும். அப்புறம் ஒரு கேள்வி: சார்பு இருந்தால் எண் பொய்யா? அரசுக் கணக்குக்கும் குறைத்துக் காட்டும் காரணம் உண்டு. டயரின் படை சுட்டது 1,650 தோட்டாக்கள். வெளியேறும் வழிகளோ மிகக் குறுகல். இவற்றை வைத்து இரண்டு எண்களையும் எடைபோட்டு நீங்களே எழுதுங்கள். இதற்கு மாதிரி விடை தரவில்லை. எழுதியதை நாளை வகுப்பில் பார்ப்போம்.